சீட் திரைக்கும் ஏர்பாட்ஸுக்கும் நடுவில் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர்

"அடுத்த மாசம் அம்மாவோட சென்னையிலிருந்து துபாய் வழியா டொராண்டோ போறேன். எங்கிட்ட ஏர்பாட்ஸ் ப்ரோ இருக்கு. சீட் ஸ்கிரீன்ல ப்ளூடூத் வராது, ஹெட்போன் துளையில ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர் சொருகினா கேக்கும்னு சொல்றாங்க. நெஜமாவே வேலை செய்யுமா? வாயசைவுக்கும் பேச்சுக்கும் இடைவெளி வருமா?"

வேலை செய்யும். இடைவெளியும் வரும். அந்த இடைவெளி உங்களை எவ்வளவு உறுத்தும் என்பதைப் பணம் கொடுத்த அன்றே வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன். நான் டப்பிங் ஸ்டுடியோவில் மிக்ஸிங் வேலை பார்ப்பவன். உதடும் பேச்சும் ஒட்டுகிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்ன எச்சரிக்கை. எல்லா விமானத்திலும் இது தேவைப்படாது. எமிரேட்ஸின் ஏ350 விமானங்களிலும், யுனைடெட்டின் புதிய விமானங்கள் பலவற்றிலும் திரையிலேயே ப்ளூடூத் உண்டு. உட்கார்ந்ததும் திரையின் செட்டிங்ஸில் ஒருமுறை தேடிப் பாருங்கள். இருந்தால் டிரான்ஸ்மிட்டர் பையிலேயே கிடக்கட்டும். அதேபோல் காதை முழுசாக மூடும் பெரிய ஹெட்போன் வைத்திருப்பவர்கள் அதனுடன் வந்த ஒயரைத் தேடி எடுத்துக்கொண்டால் போதும். ஒயரில் தாமதமும் இல்லை, இணைக்கிற தொல்லையும் இல்லை. பெரும்பாலானவற்றில் இரைச்சல் குறைக்கும் வசதி ஒயரிலும் வேலை செய்யும். ஏர்பாட்ஸ் ப்ரோவில் ஒயர் மாட்ட இடமே இல்லாததால் உங்களுக்கு இது தேவைதான்.

அந்தக் குட்டிப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சீட்டின் துளையிலிருந்து வருவது சாதாரண ஒயர் ஹெட்போனுக்கான ஒலி. டிரான்ஸ்மிட்டர் அதை வாங்கி, டிஜிட்டலாக மாற்றி, சுருக்கி, ப்ளூடூத்தில் அனுப்புகிறது. ஏர்பாட்ஸ் அதை வாங்கி, விரித்து, காதில் போடுகிறது. சீட் திரையைப் பொறுத்தவரை அந்தத் துளையில் யாரோ ஒரு ஒயர் ஹெட்போன் சொருகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஏர்பாட்ஸைக் காதிலிருந்து எடுத்தால் போனில் பாட்டு நிற்கும். இங்கே படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஏர்பாட்ஸை எத்தனை முறை அழுத்தினாலும் படம் நிற்காது. ஒலி ஒருவழிப் பாதையில் போகிறது, திரைக்குத் திரும்பிச் சேதி சொல்ல ஆளில்லை.

இப்போது வாங்குவது பற்றி. ட்வெல்வ் சவுத் என்ற நிறுவனத்தின் ஏர்ஃப்ளைதான் இதில் பேர்போனது. அதே வேலையைச் செய்யும் மலிவான பெட்டிகளும் நிறையக் கிடைக்கின்றன. மலிவானதை வாங்குவதில் தப்பில்லை, ஆனால் ஒரு இடத்தில் எல்லோரும் சறுக்குகிறார்கள். காரின் ஆக்ஸ் துளையில் சொருகிப் போனிலிருந்து பாட்டு கேட்க ஒரு பெட்டி வருமே, அது ரிசீவர். பார்க்க அச்சு அசல் இதே மாதிரி இருக்கும். விலையும் குறைவு. அது விமானத்தில் எதற்கும் உதவாது, ஏனென்றால் அது ஒலியை வாங்கும், அனுப்பாது. சில பெட்டிகள் இரண்டையும் செய்யும். அவற்றின் பக்கவாட்டில் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். டிஎக்ஸ் அனுப்புவதற்கு, ஆர்எக்ஸ் வாங்குவதற்கு. உங்களுக்கு டிஎக்ஸ் வேண்டும். சந்தேகமா? பெட்டியை ஆன் செய்து போனின் ப்ளூடூத் பட்டியலைத் திறந்து பாருங்கள். பெட்டியின் பெயர் அங்கே வந்து நின்றால் அது ரிசீவராக வேலை செய்கிறது என்று அர்த்தம். டிரான்ஸ்மிட்டர் அந்தப் பட்டியலில் வராது, அதுவே ஹெட்போனைத் தேடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, யுஎஸ்பி முனையுள்ள டிரான்ஸ்மிட்டர் வேண்டாம். திரைக்குக் கீழே இருக்கும் யுஎஸ்பி துளை சார்ஜ் போடத்தான், அதில் ஒலி வராது. 3.5 மி.மீ. பின் உள்ளதை வாங்குங்கள். பெட்டியிலிருந்து ஒரு சின்ன ஒயரில் அந்தப் பின் தொங்குவது நல்லது. பின்னும் பெட்டியும் ஒரே துண்டாக இருந்தால், கைப்பிடியின் பக்கவாட்டில் துளை உள்ள சீட்டில் அது விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் எழும்போது தொடை இடித்தால் முதலில் வளைவது அந்தப் பின்தான். பெட்டியிலேயே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் இருந்தால் இன்னும் நல்லது. காரணம் பின்னால் வருகிறது.

வாங்கியதும் வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். விமானத்தில் முதல்முறையாகப் பெட்டியைப் பிரிப்பவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். ஹெட்போன் துளை உள்ள ஒரு லேப்டாப்பை எடுங்கள். டிரான்ஸ்மிட்டரை அதில் சொருகி, அதன் பொத்தானை விளக்கு வேகமாக மினுக்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். ஏர்பாட்ஸ் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். மூடியை மட்டும் திறந்து, பின்பக்கப் பொத்தானை வெள்ளை விளக்கு மினுக்கும்வரை சில விநாடிகள் அழுத்துங்கள். பின்னால் பொத்தான் இல்லாத புதிய பெட்டியானால் மூடியைத் திறந்து முன்பக்கத்தை இருமுறை தட்ட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அரை நிமிஷத்துக்குள் சேர்ந்துவிடும். டிரான்ஸ்மிட்டரின் விளக்கு மினுக்குவதை நிறுத்தும். பிறகு ஏர்பாட்ஸை எடுத்துக் காதில் வையுங்கள்.

இதற்கு முன்னால் ஒரு வேலை செய்ய வேண்டும், இதை மறப்பவர்கள்தான் "டிரான்ஸ்மிட்டர் டுபாக்கூர்" என்று திட்டுகிறார்கள். ஐபோனின் ப்ளூடூத்தை அணைத்துவிடுங்கள். செட்டிங்ஸுக்குள் போய் முழுதாக அணைக்க வேண்டும், மேலிருந்து இழுத்து ஒரு தட்டுத் தட்டினால் அது தற்காலிகமாகத்தான் துண்டிக்கும். ஏர்பாட்ஸ் மூடியைத் திறந்த மறு நொடியே பழைய சொந்தக்காரனைத் தேடி ஓடும். ஐபோன் மட்டுமல்ல, அதே ஆப்பிள் கணக்கில் உள்ள ஐபேடும் மேக்புக்கும் பையில் விழித்திருந்தால் அவையும் இழுக்கும். டிரான்ஸ்மிட்டர் மினுக்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் ஏர்பாட்ஸில் 'கனெக்ட் ஆகிவிட்டேன்' என்கிற சத்தம் வந்துவிட்டது என்றால் வேறு ஏதோ கருவி அதைப் பிடித்துக்கொண்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஒருமுறை சேர்ந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று ஞாபகம் வைத்திருக்கும். விமானத்தில் ஆன் செய்தாலே போதும், மறுபடி தேடவிட வேண்டியதில்லை. இது வெறும் சௌகரியத்துக்காகச் சொல்லவில்லை. டிரான்ஸ்மிட்டருக்குத் திரை கிடையாது. 'இந்த ஹெட்போனா, அந்த ஹெட்போனா' என்று அது உங்களைக் கேட்காது. பக்கத்தில் தேடல் நிலையில் எது இருக்கிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆயிற்று. விமானம் கிளம்புவதற்கு முன் நான் புதுப் பெட்டியைத் தேடவிட்டிருக்கிறேன், எனக்கு முன் வரிசையில் ஒரு பையனும் அவன் ஹெட்போனைத் தேடவிட்டிருக்கிறான் போல. என் பெட்டியின் விளக்கு சேர்ந்துவிட்டதாகச் சொல்கிறது, என் காதில் ஒரு சத்தமும் இல்லை. அவன் ஹெட்போனைக் கழற்றிக் கழற்றிப் பார்க்கிறான். அவன் திரையில் கார்ட்டூன், காதில் நான் போட்ட கச்சேரி! பெட்டியை அணைத்து மறுபடி ஆரம்பித்தேன்.

இனி இடைவெளிக்கு வருவோம். சாதாரண ப்ளூடூத்தில் ஒலி சுருங்கி, பறந்து, விரிந்து காதுக்கு வருவதற்குள் சுமார் 150 முதல் 250 மில்லி விநாடி ஆகிவிடும். சினிமா விநாடிக்கு 24 பிரேம் ஓடுகிறது, ஒரு பிரேமுக்கு ஏறக்குறைய 42 மில்லி விநாடி. அப்படியானால் 200 மில்லி விநாடி என்பது கிட்டத்தட்ட 5 பிரேம். எங்கள் ஸ்டுடியோவில் 2 பிரேம் தள்ளிப்போனாலே இயக்குநர் நிமிர்ந்து உட்கார்வார். சாதாரணப் பார்வையாளருக்கு எங்கே உறைக்கும்? தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வைத்திருக்கும் பரிந்துரையில், ஒலி 125 மில்லி விநாடி பிந்தினால் ஆட்கள் கவனிக்க ஆரம்பிக்கிறார்கள், 185 தாண்டினால் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று இருக்கிறது. ஆக நீங்கள் சரியாக எல்லைக்கோட்டின்மேல் நிற்கப்போகிறீர்கள்.

"என் போனில் அதே ஏர்பாட்ஸில் படம் பார்க்கிறேனே, ஒட்டித்தானே இருக்கிறது" என்று கேட்பீர்கள். போனுக்கு ஒலி எவ்வளவு பிந்தும் என்று தெரியும். அதனால் அது படத்தையும் அதே அளவு பிந்தவிட்டு இரண்டையும் சேர்த்துக் காட்டுகிறது. சீட் திரைக்கு ஒயர் ஹெட்போன்தான் இருக்கிறது என்ற நினைப்பு என்று சொன்னேனே, அதனால் படத்தை அது நிறுத்திவைக்காது. டிரான்ஸ்மிட்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒலியை இன்னும் பிந்தவிடத்தான் அதனால் முடியும், முன்னால் தள்ள முடியாது.

சில பெட்டிகளின் அட்டையில் 'ஏபிடிஎக்ஸ் லோ லேட்டன்சி' என்று பெரிதாகப் போட்டிருக்கும். 40 மில்லி விநாடிக்குக் கொண்டுவருகிற முறை அது, பொய்யில்லை. ஆனால் இரண்டு பக்கமும் அந்த மொழி தெரிந்தால்தான் பேச முடியும். ஏர்பாட்ஸுக்குத் தெரிந்தவை எஸ்பிசி, ஏஏசி இரண்டும்தான். சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4-இலும் ஏபிடிஎக்ஸ் கிடையாது. மறுபக்கம் புரியாதபோது டிரான்ஸ்மிட்டர் சத்தமில்லாமல் எஸ்பிசிக்கு இறங்கிவிடும். அந்த எழுத்துக்காக ஏர்பாட்ஸ்காரர் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

லேப்டாப்பில் ஒத்திகை பார்க்கச் சொன்னதன் இன்னொரு காரணம் இதுதான். ஹெட்போன் துளையில் டிரான்ஸ்மிட்டர் இருக்கும்போது லேப்டாப்புக்கும் அது வெறும் ஒயர்தான். சீட் திரையில் என்ன இடைவெளி வருமோ அதே அளவுதான் அங்கேயும் வரும். செய்தி வாசிப்பவரின் முகம் நேராகத் தெரியும் ஒரு வீடியோவை ஓடவிட்டு 'ப', 'ம' சொல்லும்போது உதடு மூடுவதைப் பாருங்கள். உதடு பிரிந்த பிறகு சத்தம் வந்தால் அதுதான் உங்கள் இடைவெளி. கைதட்டும் காட்சியில் இன்னும் துல்லியமாகத் தெரியும். அரை மணி நேரம் பார்த்து உறுத்தவில்லை என்றால் விமானத்திலும் உறுத்தாது. உறுத்தினால் சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், கண் உதட்டைவிட்டுக் கீழே இறங்கிவிடும். டப்பிங் படம் பார்த்தால் அந்தக் கவலையே இல்லை. அதில் எங்கள் ஆட்கள் ஏற்கெனவே விட்ட இடைவெளி இருக்கும், இன்னும் 5 பிரேம் யாருக்குத் தெரியப்போகிறது!

விமானத்தில் ஏறியதும் துளையைப் பாருங்கள். ஒரே துளையா, இரண்டு துளைகளா? புதிய சீட்டுகளில் பெரும்பாலும் ஒன்றுதான். பழையவற்றில் இரண்டு இருக்கும், ஒன்றில் இடது காது, மற்றதில் வலது காது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு துளையில் மட்டும் சொருகினால் ஒரு காதில்தான் கேட்கும். இரட்டைப் பின் அடாப்டர் ஒன்று டிரான்ஸ்மிட்டருடனேயே வரலாம், வராவிட்டால் தனியாகச் சில்லறை விலைக்குக் கிடைக்கும். பையில் ஒன்று கிடக்கட்டும்.

பின்னைக் 'க்ளிக்' என்று கடைசிவரை அழுத்துங்கள். இதை வலியுறுத்த ஒரு காரணம் உண்டு. சில வருஷத்துக்கு முன் ஒரு நீண்ட பயணத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "பாட்டு மட்டும் வருது தம்பி, யாரும் பேச மாட்டேங்குறாங்க" என்றார். வாங்கிக் கேட்டுப் பார்த்தேன். வயலின் கேட்கிறது, கோரஸ் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கிறது, பாடகர் குரலைக் காணோம். காட்சிக்குப் போனால் மழைச் சத்தம் இருக்கிறது, வசனம் இல்லை. அவர் படம் சரியில்லை என்று நினைத்துவிட்டார். பின் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே நின்றிருந்தது, அவ்வளவுதான்.

ஏன் அப்படி? பின்னில் இடது, வலது இரண்டுக்கும் பொதுவாகத் திரும்பிப் போகும் ஒரு கம்பி உண்டு, அடிப்பக்கத்து வளையம். அது ஒட்டாவிட்டால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். வசனத்தையும் பாடகர் குரலையும் நாங்கள் நடுவில் வைத்துத்தான் கலக்கிறோம், இரண்டு பக்கமும் சமமாக. சமமானவை ஒன்றையொன்று கழித்துக்கொண்டு காணாமல் போகின்றன. பக்கவாட்டில் பரப்பிய வயலினும் மழையும் தப்பிக்கின்றன. ஆகவே இசை வந்து பேச்சு வராவிட்டால் டிரான்ஸ்மிட்டரைச் சந்தேகிக்காதீர்கள், ப்ளூடூத்தையும் திட்டாதீர்கள். பின்னை அழுத்துங்கள், லேசாகத் திருகிப் பாருங்கள். துளை தேய்ந்துபோன சீட்டானால் சரியான கோணத்தில் பிடித்து நிறுத்த ஒயருக்கு ஒரு முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்து ஒலி அளவு. இங்கே இரண்டு இடத்தில் கூட்டிக் குறைக்கலாம், திரையில் ஒன்று, காதுப் பக்கத்தில் ஒன்று. திரையில் மிகக் குறைவாக வைத்துக் காதில் கூட்டினால், டிரான்ஸ்மிட்டருக்குக் கிடைக்கும் ஒலி மெலிந்து, அதனுடைய சொந்த 'ஸ்ஸ்' இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். திரையில் முழுதாக வைத்தால் சத்தமான காட்சிகளில் ஒலி கரகரவென்று உடையும். முக்கால் அளவில் ஆரம்பியுங்கள். 'ஸ்ஸ்' கேட்டால் திரையில் கூட்டிக் காதில் குறையுங்கள், கரகரத்தால் எதிராகச் செய்யுங்கள்.

இதோடு இணைந்தது அறிவிப்பு. கேப்டன் பேசினால் படம் நின்று அவர் குரல் உங்கள் காதில் விழும். பல விமானங்களில் அந்தக் குரல் நீங்கள் திரையில் வைத்த அளவைப் பார்க்காது, தனக்கென்று வைத்த அளவில்தான் வரும். திரையில் குறைத்துக் காதில் கூட்டி வைத்திருந்தால் "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்" காதைக் கிழிக்கும். காதுப் பக்கத்தில் அடக்கமாக வைத்திருந்தால் அதுவும் அடக்கமாகவே வரும். ஏர்பாட்ஸ் ப்ரோவின் தண்டைத் தடவி ஒலி குறைப்பது சில டிரான்ஸ்மிட்டர்களோடு வேலை செய்யாது. அதனால்தான் பெட்டியிலேயே ஒலிப் பொத்தான் உள்ளதைப் பாருங்கள் என்றேன்.

பேட்டரியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். துபாயிலிருந்து டொராண்டோ சுமார் 14 மணி நேரம். இரண்டாம் தலைமுறை ஏர்பாட்ஸ் ப்ரோ ஒரு சார்ஜில் இரைச்சல் குறைப்போடு 6 மணி நேரம்வரை என்று ஆப்பிள் சொல்கிறது. வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் 4, 5 என்று வைத்துக்கொள்வதே நல்லது. சாப்பாடு வரும்போதெல்லாம் பெட்டிக்குள் போட்டுவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடும். டிரான்ஸ்மிட்டர் நல்லதானால் 15 மணி நேரத்துக்கு மேல் தாங்கும். கிளம்பும் முன் இரவே முழு சார்ஜ் போட்டுவிடுங்கள், ஏனென்றால் எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்றவை 2025 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்த அனுமதிப்பதில்லை. சீட் யுஎஸ்பியில் போடலாம், ஆனால் படம் பார்த்துக்கொண்டே டிரான்ஸ்மிட்டரைச் சார்ஜில் போட்டால் சிலவற்றில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் ஒலி வரும். ஒயரைப் பிடுங்கினதும் முனகல் நின்றால் காரணம் அதுதான். படம் பார்க்காத நேரத்தில் சார்ஜ் போடுங்கள்.

அம்மாவைப் பற்றி ஒன்று. 'ஒரே டிரான்ஸ்மிட்டரில் இரண்டு ஹெட்போன்' என்று விற்கிறார்கள். உண்மைதான், ஒவ்வொன்றாகச் சேர்த்தால் இரண்டும் பேசும். ஆனால் இரண்டு காதுக்கும் ஒரே சீட்டின் ஒலிதான் வரும். நீங்கள் போடும் படத்துக்காக அம்மா 14 மணி நேரம் உங்கள் திரையை எட்டி எட்டிப் பார்ப்பாரா? அவருக்கு விமானத்தில் கொடுக்கும் ஒயர் ஹெட்போனை அவர் சீட்டில் சொருகிக் கொடுத்துவிடுங்கள். பின்னை மட்டும் நீங்களே ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.